வாய்ஸா, வீடியோவா, எழுத்தா: வாட்ஸாப்பில் சேலை விற்பவர் எதை எப்போது அனுப்புவது

போன வருடம் ஆவணி மாதம் ஒரு வாடிக்கையாளர் எங்களிடம் மயில்கழுத்து நிறத்தில் சேலை ஒன்று வாங்கினார். விலை 1,850 ரூபாய். தங்கையின் வளைகாப்புக்குக் கட்ட வேண்டும் என்று, ஸ்டேட்டஸில் நாங்கள் போட்டிருந்த போட்டோவைப் பார்த்து எடுத்தார். பார்சல் போய்ச் சேர்ந்த திங்கட்கிழமை மாலை அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: "நான் பார்த்தது நீலம். வந்திருப்பது பச்சை."

அப்போது நானும் அண்ணியும் வெளியே போயிருந்தோம். உதவிக்கு இருந்த பெண், நாங்கள் எப்போதும் சேமித்து வைத்திருக்கும் பதில்களில் ஒன்றை எடுத்து அனுப்பிவிட்டாள். "வெளிச்சத்தைப் பொறுத்து நிறம் சற்று மாறித் தெரியலாம். நிறத்துக்காக ரிட்டர்ன் இல்லை." அந்தப் பதிலில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் இரண்டே நிமிடத்தில் மறுமொழி வந்தது: "அப்போ நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

நாங்கள் சேலத்தில் வீட்டிலிருந்தே விற்கிறோம். சரக்கு பெரும்பாலும் இளம்பிள்ளைப் பக்கத்துத் தறிக்காரர்களிடமிருந்து வருகிறது. கடை என்று பலகை கிடையாது, வாட்ஸாப்தான் கடை. அதனால் ஒரு விசாரணைக்கு எழுத்தில் பதில் சொல்வதா, வாய்ஸ் போடுவதா, வீடியோ எடுத்து அனுப்புவதா என்ற கேள்வி ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை எங்கள் முன்னால் வருகிறது. ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் வாய்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம், அதுதான் அன்பாக இருக்கும் என்று நினைத்தோம். அப்புறம் வேலை கூடியதும் எல்லாவற்றுக்கும் சேமித்த எழுத்தையே அனுப்பினோம். இரண்டிலும் அடிபட்டோம். இப்போது மூன்றையும் எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்பதை அந்த மயில்கழுத்துச் சேலையை வைத்தே சொல்கிறேன்.

போட்டோ சொல்லாததை வீடியோ சொல்லும்

அந்த அக்காவும் பொய் சொல்லவில்லை, எங்கள் போட்டோவும் பொய் சொல்லவில்லை. மயில்கழுத்து என்பது இரட்டை நிறம். பாவு நீல நூல், ஊடை பச்சை நூல். துணியை நேராகப் பார்த்தால் ஒரு நிறம் மேலோங்கும், சாய்த்துப் பார்த்தால் இன்னொன்று எழும். மடிப்பு விழும் இடத்தில் இரண்டும் சேர்ந்து மினுங்கும். மயிலின் கழுத்தைப் போலவே அது அசைந்தால்தான் தெரியும். போட்டோவோ ஒரு கோணத்தை மட்டும் பிடித்துவைக்கிறது. எங்கள் போட்டோ நீலம் எழுந்த கோணத்தில் எடுத்தது. அவர் வீட்டு ஹாலில் பிரித்தபோது பச்சை எழுந்திருக்கிறது.

இதை எழுத்தில் எப்படிச் சொன்னாலும் "நீலமும் பச்சையும் கலந்தது" என்றுதான் வரும். அதைப் படிப்பவர் மனதில் கட்டம் போட்ட சேலை வரும், இல்லையென்றால் நீலத்தில் பச்சைக் கரை வரும். வாய்ஸில் சொன்னாலும் அதே கதைதான். இங்கே வேலை செய்வது இருபத்தைந்து நொடி வீடியோ ஒன்றுதான். சரிகையின் மினுமினுப்பு, துணி விழும் விதம், மெல்லிய காட்டன் எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்பது போன்ற கேள்விகளுக்கும் இதே கதைதான். அசைவில் மட்டும் தெரியும் விஷயத்துக்கு வீடியோ, இதுதான் எங்கள் முதல் கணக்கு.

ஆனால் வீடியோ எடுப்பதில் தவறினால் போட்டோவைவிட மோசமாக ஏமாற்றிவிடும். காரணம், ஃபோன் கேமரா வெளிச்சத்தின் நிறத்தைத் தானே கணித்துத் திருத்திக்கொள்கிறது. திரை முழுக்க அரக்குச் சிவப்பு நிறைந்திருந்தால் வெளிச்சமே சிவப்பு என்று எண்ணி அதைக் கொஞ்சம் தணித்துவிடும். ஒரு பக்கம் ட்யூப்லைட், மறுபக்கம் ஜன்னல் வெளிச்சம் என்று இரண்டும் கலந்தால் சேலையின் பாதி ஒரு நிறத்திலும் மீதி இன்னொரு நிறத்திலும் வரும். ஃபோனை நகர்த்திக்கொண்டே எடுத்தால் நிறம் நடுவிலேயே மாறுவதைப் பார்க்கலாம்.

அதனால் நாங்கள் எடுப்பது காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரைதான். நேர் வெயில் விழாத வாசல் பக்கம் நின்றுகொள்வோம், விளக்குகளை அணைத்துவிடுவோம். சேலைக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒன்று திரையில் தெரியும்படி வைப்போம். தாள் வீடியோவில் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சேலையின் நிறமும் தவறு என்று நமக்கே தெரிந்துவிடும், திரும்ப எடுத்துவிடலாம். பல ஃபோன்களில் திரையை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும், அதையும் செய்துவிடுவோம். பிறகு ஃபோனை அசைக்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் துணியை அசைப்போம். முதலில் உடல் பகுதி, அதை இரண்டு முறை மெதுவாகச் சாய்த்துக் காட்டுவது, பிறகு முந்தி, பிறகு கரையின் மேல் ஒரு கையை விரித்து வைப்பது. கையை வைத்தால் கரை எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் துணிக்கு அடியில் கையை நுழைத்துக் காட்டினால் மெல்லியதா கனமா என்பதும் புரிந்துவிடும். பாட்டு எதுவும் சேர்ப்பதில்லை.

இத்தனை செய்தும் ஒரு குறை மிஞ்சும். வாடிக்கையாளரின் திரை நம் கையில் இல்லை. சில ஃபோன்களின் திரை சிவப்பையும் ராணி நிறத்தையும் தூக்கிக் காட்டும். அதனால் வீடியோவுக்குக் கீழே நிறத்தை ஒரு வரியில் எழுதிவிடுகிறோம், அதுவும் அவர் வீட்டில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டு. "வெந்தய நிறம், எலுமிச்சை மஞ்சள் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது." "கத்தரிப்பூ, வாடாமல்லி அளவுக்கு அடர்த்தி இல்லை." வீடியோவையும் இந்த வரியையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் நிறத்தைப் பற்றிப் பிறகு கேள்வி கேட்பது எங்கள் அனுபவத்தில் அபூர்வம்.

வாட்ஸாப்பில் வட்டமாக வரும் குட்டி வீடியோ ஒன்றும் உண்டு. 2023இல் வந்தது, அறுபது நொடி வரை பேசலாம். பிறந்தநாள் வாழ்த்து சொல்ல நன்றாக இருக்கும், சேலைக்கு உதவாது. வட்டத்தில் கரை வெட்டுப்படும், படமும் சிறியது. சாட்டைத் திறந்ததும் அது சத்தமில்லாமல் ஓடத் தொடங்கும். தொட்டால்தான் சத்தம் வரும் என்பது தெரியாமல் நம் பேச்சைக் கேட்காமலே கடந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் சேலை காட்ட எப்போதும் சாதாரண வீடியோதான், அதுவும் எச்டி தரத்தைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சுருக்கி அனுப்பும்போது புட்டாவின் நுணுக்கம் போய்விடும்.

ஒரு வீடியோவுக்குச் சேலையை அடுக்கிலிருந்து எடுத்து, விரித்து, எடுத்து முடித்து, மீண்டும் மடித்து வைக்க ஐந்தாறு நிமிடம் ஆகிறது. எல்லா விசாரணைக்கும் இது கட்டுப்படியாகாது. விலை தெரிந்து, "இது பிடிச்சிருக்கு, ஆனா…" என்று நிற்பவருக்கு மட்டும் எடுக்கிறோம். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் பெரும்பாலும் நிறமோ கனமோதான் இருக்கும்.

குரல் எங்கே தேவைப்படுகிறது

இப்போது அந்த இரண்டாவது மெசேஜுக்கு வருவோம். "அப்போ நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?" இந்த இடத்தில் வீடியோவை உடனே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பார், இரண்டு நிறமும் இருக்கிறது, நீதான் சரியாகப் பார்க்கவில்லை" என்று நாங்கள் நிரூபிப்பதாக ஆகியிருக்கும். சேலை பற்றிய கேள்வி அங்கேயே முடிந்துபோய், மரியாதை பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. அதற்குக் குரல்தான் போக வேண்டும்.

எழுத்தில் தொனி போய்ச் சேராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு சேராது என்பதை 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் தங்கள் சகாக்களோடு சோதித்துப் பார்த்தார்கள். சொல்வது கேலியா நிஜமா என்பதை எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். எதிராளி 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 78. தட்டும்போது நம் காதில் நம் குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அது எழுத்தோடு போகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். "நிறத்துக்காக ரிட்டர்ன் இல்லை" என்ற வரியை நான் எழுதிச் சேமித்தபோது அதைப் பணிவாகத்தான் மனதில் சொல்லிப் பார்த்தேன். படித்தவர் காதில் அது கதவு சாத்துவதுபோல விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சாட்டைப் பார்த்ததும் அண்ணி வாய்ஸ் போட்டார். ஏறக்குறைய இப்படி:

"அக்கா, வணக்கங்க, சேலத்துல சேலை வாங்குனீங்கல்ல, அங்கிருந்து பேசறேங்க. முதல்ல அந்த மெசேஜுக்கு மன்னிச்சுக்குங்க. அது பொதுவா எல்லாருக்கும் போறது, உங்க விஷயத்தைப் பார்க்காம அனுப்பிட்டோம். நீங்க போட்டோவுல பார்த்தது நீலந்தான். அந்தச் சேலையில ரெண்டு நிறமும் இருக்குதுங்க, அதை நாங்கதான் முன்னாடியே காட்டியிருக்கணும். இப்ப ஒரு வீடியோ அனுப்பறேன், பாருங்க. பார்த்துட்டு வேண்டாம்னா நீலமே மாத்தித் தர்றோம். வளைகாப்புக்கு முன்னாடி வந்துரும்ங்க."

முப்பது நொடிக்கும் குறைவு. முதல் வாக்கியத்தில் யார் பேசுவது என்று வந்துவிட்டது. மன்னிப்பு எதற்கு என்று குறிப்பாக வந்துவிட்டது, "ஏதாவது தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க" என்று மழுப்பவில்லை. அவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அப்புறம் அடுத்து என்ன நடக்கும் என்பது. விலை, தேதி, கூரியர் பெயர் எதுவும் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை வேண்டுமென்றே விடப்பட்டவை, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வாய்ஸ் பதிவதில் நாங்கள் கற்றுக்கொண்டவை சிறிய விஷயங்கள்தான். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, படிப்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும். மைக் பொத்தானை மேலே தள்ளிப் பூட்டிக்கொண்டால் விரலை அழுத்திக்கொண்டே பேச வேண்டியதில்லை, அவசரம் குறையும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை போட்டுக் கேட்டுவிட வேண்டும். பக்கத்தில் ஓடும் குக்கர் விசில், டிவி சத்தம், "யாருகிட்ட பேசற?" என்று யாராவது கேட்டது எல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அதை அனுப்பாமல் சேமித்துக் கேட்டுவிட்டு, சுருக்கித் திரும்பப் பேசுகிறோம். நீண்டு போகிற வாய்ஸில் பெரும்பாலும் நம் தரப்பு நியாயம்தான் இருக்கும், அதைக் கேட்க அவருக்குப் பொறுமை இருக்காது.

ஒருவருக்குப் போட்ட வாய்ஸை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்யவே கூடாது. வேறொருவருக்குப் பேசியது என்பது கேட்கும்போதே தெரிந்துவிடும். தனக்காகத்தான் பேசியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கேட்கத் தொடங்கியவருக்கு அதைவிட வலி தருவது வேறு இல்லை. சேலை வீடியோவைப் பலருக்கு அனுப்பலாம், அது சரக்கு பற்றியது. குரல் ஆளைப் பற்றியது.

இன்னொன்று, அவர் கேட்டாரா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நாம் அனுப்பிய வாய்ஸின் பக்கத்தில் உள்ள மைக் அடையாளம், அவர் போட்டுக் கேட்டதும் நீலமாகும். டிக் மட்டும் நீலமாகி மைக் நீலமாகாமல் இருந்தால், சாட்டைத் திறந்தார், கேட்கவில்லை என்று பொருள். நீல டிக் தெரியாதபடி வைத்திருப்பவர்களுக்கும் இந்த மைக் வேலை செய்யும். இரண்டு மணி நேரம் ஆகியும் மைக் நிறம் மாறவில்லை என்றால் அவர் கேட்க முடியாத இடத்தில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு சாரத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுகிறோம். வீடியோவுக்கு இப்படி ஒரு அடையாளம் இல்லை.

குரல் தொல்லையாகும் இடங்கள்

கேட்க முடியாத இடம் என்றதும் அலுவலகமும் பஸ்ஸும் நினைவுக்கு வரும். சேலை வியாபாரத்தில் அதைவிட முக்கியமான இடம் வாடிக்கையாளரின் வீடு. சேலையின் விலையை வீட்டில் எல்லோர் காதிலும் விழ விடாதவர்கள் நிறையப் பேர். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஃபோனில் வாய்ஸைத் தொட்டதும் "அக்கா, அது மூவாயிரத்து இருநூறுங்க" என்று ஸ்பீக்கரில் கேட்கும். ஒரு முறை ஒரு தம்பி மனைவிக்குத் தெரியாமல் கல்யாண நாளுக்குச் சேலை எடுத்தார். பார்சல் புறப்பட்ட சந்தோஷத்தில் நான் வாய்ஸ் போட்டேன். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், ஃபோன் மனைவி கையில் இருந்தது. அவர் கோபப்படவில்லை. ஆனால் அவர் ஒரு வாரமாகக் காத்து வைத்திருந்ததை நான் கெடுத்துவிட்டேன், அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அன்றிலிருந்து, அவராக முதலில் வாய்ஸ் போடாத வாடிக்கையாளருக்கு நாங்கள் முதல் வாய்ஸ் போடுவதில்லை, மன்னிப்பு கேட்க வேண்டிய நேரம் தவிர. அப்போதும் "ஒரு வாய்ஸ் அனுப்பியிருக்கேன், நேரம் கிடைக்கும்போது கேளுங்க" என்று மேலே எழுதிவிடுகிறோம்.

காது கேளாத வாடிக்கையாளர்கள் எங்களுக்கு இருவர் இருக்கிறார்கள். முதலாமவருக்கு நாங்கள் மூன்று வாய்ஸ் அனுப்பிய பிறகுதான் அவர் எழுதிச் சொன்னார். இப்போது பெயருக்குப் பக்கத்தில் "எழுத்து மட்டும்" என்று சேர்த்துச் சேமித்து வைத்திருக்கிறோம். அவர்களுக்கு அனுப்பும் வீடியோவிலும் பேச்சை நம்பாமல் எல்லாவற்றையும் கீழே எழுதுகிறோம்.

பணம் சிக்கிய நேரத்திலும் குரல் முதலில் போகக் கூடாது. ஒருவர் பணம் அனுப்பிவிட்டார், சேலை தீர்ந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்த நிமிடம் தெரிய வேண்டியது ஒன்றுதான், பணம் எப்போது திரும்பும். நாற்பது நொடி வாய்ஸில் அது முப்பத்தைந்தாவது நொடியில் வந்தால், அதுவரை கேட்கும் ஒவ்வொரு இனிய சொல்லும் ஏமாற்றுப் பேச்சாகவே காதில் விழும். "உங்கள் 2,400 ரூபாய் நாளை பகல் 12 மணிக்குள் திரும்பிவிடும்" என்று எழுதி அனுப்பிவிட்டு, பிறகு வேண்டுமானால் வருத்தத்தைப் பேசலாம்.

எண்கள் எழுத்துக்குச் சொந்தம்

தமிழில் எண்ணை வாயால் சொன்னால் தவறு எப்படி நுழைகிறது என்பதைப் பார்சல் கட்டும் இடத்தில் இருந்தால் தெரியும். அறுபத்தாறும் எழுபத்தாறும் வேகமாகப் பேசினால் பக்கத்துப் பக்கத்தில் ஒலிக்கும். தொண்ணூறு என்றால் 90, தொள்ளாயிரம் என்றால் 900, எண்பதும் எண்ணூறும் அப்படியே. பேச்சில் "ஆயிரத்து எண்ணூத்தி அம்பது" என்பதன் நடுவே ஒரு ஹாரன் சத்தம் வந்தால் போதும். பின்கோடில் ஒரு எண் மாறினால் பார்சல் வேறு ஊரில் போய் இறங்கும். பின்கோடு ஆறு இலக்கம்தான். வாய்ஸில் சொன்னதைக் கேட்டு எழுதிய நாட்களில் அந்த ஆறில் தவறியிருக்கிறோம்.

அதனால் ஒரு வாய்ஸில் எண் வந்தால் அதே எண் எழுத்திலும் கீழே வர வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். விலை, தேதி, பின்கோடு, கூரியர் ட்ராக்கிங் எண், யூபிஐ ஐடி எல்லாம் இதில் சேரும். வாடிக்கையாளர் முகவரியை வாய்ஸில் சொன்னால் நாங்கள் கேட்டு எழுதி அவருக்கே அனுப்பி, "சரியா பாருங்க" என்று கேட்டு, பதில் வந்த பிறகே பார்சலில் ஒட்டுகிறோம்.

எழுத்தைத் தேடலாம் என்பது அடுத்த காரணம். மூன்று வாரம் கழித்து "எவ்வளவுக்கு வாங்கினேன்?" என்று அவர் கேட்டால், சாட்டில் தேடும் இடத்தில் 1,850 என்று தட்டினால் வந்து நிற்கும். வாய்ஸுக்குள் கிடக்கும் விலையை அப்படித் தேட முடியாது. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டும். மதியத்துக்கு மேல் அண்ணி பார்த்துக்கொள்ளும்போது, காலையில் நான் ஒரே வாடிக்கையாளரிடம் பரிமாறிய பதினான்கு வாய்ஸையும் அவர் கேட்டால்தான் விஷயம் புரியும் என்றால் அந்த வேலை நடக்காது. எழுத்து என்றால் ஒரே பார்வையில் மேலே கீழே ஓட்டிப் பார்த்துவிடுவார். தவறாக எழுதியதை அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தவும் முடியும். வாய்ஸில் தவறான விலையைச் சொல்லிவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசுவதுதான் வழி, அதற்குள் அவர் கேட்டிருப்பார்.

எழுத்திலும் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எழுத்துக்கு அதிகப் புகழ் சேர்ந்துவிடும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அப்படித் தட்டும்போது "பத்து அனுப்புங்க"வும் "பாத்து அனுப்புங்க"வும் ஒரே மாதிரி வரும். மொத்தமாக வாங்கி விற்கும் ஒருவரிடமிருந்து அப்படி ஒன்று வந்தது. அவர் பார்த்து அனுப்பச் சொன்னார், நாங்கள் பத்துச் சேலையைக் கட்டி வைத்துவிட்டோம். நல்லவேளை, பில் போட்டு அனுப்பும்போது அவரே நிறுத்திவிட்டார். அப்படிக் குழப்பம் தரும் வரி வந்தால் யூகிக்காமல், எண்ணை எண்ணாகவே எழுதிக் கேட்கிறோம்: "10 சேலையா அக்கா?"

மூன்றும் வரிசையாகப் போனபோது

அந்தத் திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு அண்ணியின் வாய்ஸ் போனது. இருட்டிவிட்டதால் சேலை வீடியோ எடுக்க முடியாது. வழக்கமாக இப்படி நேர்ந்தால் காலையில் எடுத்து அனுப்புகிறோம் என்று சொல்லிவிடுவோம். ஆனால் இப்போதே அனுப்புவதாக வாய்ஸில் சொல்லியாகிவிட்டது. அதே தறியில் ஓடிய இன்னொரு மயில்கழுத்தை அன்று பகலில் வேறொருவருக்காக வாசலில் எடுத்திருந்தோம், அந்த வீடியோ ஃபோனில் இருந்தது. அதை ஃபார்வர்டு செய்யாமல் கேலரியிலிருந்து அனுப்பினோம். கீழே "இது உங்களுடைய சேலையோடு ஒரே பாவில் ஓடியது, இன்று பகலில் எடுத்தது" என்று எழுதினோம். பத்து நிமிடத்தில் மைக் நீலமானது. அவர் பதிலுக்கு வாய்ஸ் போட்டார். குரல் தணிந்திருந்தது. "அழகாத்தான் இருக்கு, ஆனா தங்கச்சி நீலம் கட்டச் சொன்னா, எல்லாரும் நீலம்" என்றார்.

அதன்பிறகு வாய்ஸ் எதுவும் போடவில்லை. இனி நடக்க வேண்டியவை எல்லாம் பொருள், தேதி, பணம். இந்த எழுத்து போனது:

> திரும்ப வருவது: மயில்கழுத்து, ₹1,850
> மாற்றுவது: ராயல் நீலம், ₹1,950
> வித்தியாசம் ₹100, கூரியர் செலவு இரு பக்கமும் எங்களுடையது
> செவ்வாய் மாலை அனுப்புகிறோம், வெள்ளிக்குள் வரும்
> பழைய சேலையை எடுக்க சனிக்கிழமை ஆள் வருவார், மடித்துக் கவரில் போட்டு வைத்தால் போதும்
> முகவரி முன்பு கொடுத்ததுதானே? மாறியிருந்தால் சொல்லுங்க

முன்பு இருந்திருந்தால் இதையும் வாய்ஸிலேயே சொல்லியிருப்போம். பிறகு "வெள்ளின்னு சொன்னீங்களா, சனின்னு சொன்னீங்களா" என்று அவர் மூன்று முறை கேட்டிருப்பார். இந்த முறை அவர் அந்த மெசேஜை ஸ்டார் போட்டு வைத்துக்கொண்டதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அந்த ராயல் நீலத்தை வாசலில் வைத்து, வெள்ளைத்தாள் பக்கத்தில் இருக்க, பதினெட்டு நொடி வீடியோ எடுத்து அனுப்பினோம். சாய்த்துக் காட்டினாலும் நிறம் மாறாத ஒற்றை நிறம் என்று கீழே எழுதினோம். "இதுதான்" என்று ஒரு சொல் வந்த பிறகே பார்சல் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை சேலை போய்ச் சேர்ந்தது, வளைகாப்பு அடுத்த புதன்கிழமை. திரும்பி வந்த மயில்கழுத்தைப் பிரித்துப் பார்த்து, மடிப்பு மாற்றி, வீடியோவோடு ஸ்டேட்டஸில் போட்டோம், இரண்டு நாளில் போய்விட்டது. சேமித்து வைத்த பதில்களில் அந்த "நிறத்துக்காக ரிட்டர்ன் இல்லை" என்பதை அழித்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது இருப்பது: "நிறம் பற்றிச் சொல்லுங்க, போட்டோ ஒன்று அனுப்ப முடியுமா? பார்த்துவிட்டு நானே பேசுகிறேன்." இரட்டை நிறச் சேலை எதையும் வீடியோ இல்லாமல் ஸ்டேட்டஸில் ஏற்றுவதில்லை. மழை நாளில் வாசல் வெளிச்சம் போதவில்லை என்றால் மறுநாள் வரை அது அடுக்கிலேயே இருக்கும்.